அவருக்குத் தெரியும்

காலை ஐந்தரைக்கே போன் அடித்தது. நாயுடுபுரத்தில் இன்னும் விடியவில்லை. பேத்தி நிலா இருக்கும் சிங்கப்பூரில் அப்போது மணி எட்டு.

"தாத்தா, மாவு பொங்கி வழிஞ்சு மேடையெல்லாம் ஓடிடுச்சு!"

சுந்தரம் கம்பளியை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். "எந்த மாவும்மா?"

"இட்லி மாவுதான். பாட்டி எழுதினபடியேதான் செஞ்சேன். தூக்குவாளியைக் கம்பளியில சுத்தி அடுப்போரமா வச்சேன். ஒரு ராத்திரி ஒரு பகல்னு போட்டிருக்கு. இங்க ஒரு ராத்திரிக்கே இப்படி."

அந்த வரியைத் தட்டச்சு செய்தவர் அவர்தான். கோமதியின் நோட்டில் இருந்ததை ஒரு எழுத்து மாற்றாமல், பேரப்பிள்ளைகள் படிக்கட்டும் என்று இணையத்தில் ஏற்றியிருந்தார். கொடைக்கானலில் மார்கழி ராத்திரி புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெளுத்துக் கிடக்கும். கோமதி மாவுத் தூக்கைக் கைக்குழந்தை மாதிரி சுற்றி வைப்பாள். மறுநாள் மத்தியானம் மூடியைத் திறந்து பார்த்து, "இன்னும் கண்ணே திறக்கலை" என்று மறுபடி மூடுவாள். சிங்கப்பூருக்கு மார்கழி ஏது?

"தப்பு உன்மேல இல்லம்மா. அங்க எட்டு மணி நேரம் போதும். கம்பளியே வேண்டாம்."

போனை வைத்த பிறகுதான் டொரண்டோவில் இருக்கும் பேரன் ஞாபகம் வந்தான். பருப்பு பசையாகிவிட்டது என்று போன வாரம் எழுதியிருந்தான். தண்ணீர் அதிகம் வைத்திருப்பாய் என்று பதில் போட்டிருந்தார். நோட்டை எடுத்துப் பார்த்தார். 'துவரம்பருப்பு: ஏழு விசில்.' இந்த மலை 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் கீழே ஏறுகிற அளவுக்குச் சூடு ஏறாது. கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்த புதிதில் பருப்பு வேகவில்லை என்று கோமதி அழுதிருக்கிறாள். அதற்கப்புறம் கண்டுபிடித்ததுதான் இந்த ஏழு. இப்போது பேரன் அதை டொரண்டோவில், மலையில்லாத ஊரில் வைத்திருக்கிறான். பாவம்.

1979 முதல் 2015 வரை 36 வருஷம் பேங்கில் கிளார்க். கணக்குப் புத்தகத்தில் தப்பு வந்தால் ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. சிவப்பு மையில் ஒரு கோடு, மேலே சரியான தொகை, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து. பழைய தொகையும் தெரிய வேண்டும். இதையே செய்யலாம் என்று உட்கார்ந்தார். ஆனால் கோமதியின் வரிமேல் கோடு போட மனசு வரவில்லை. அவள் எழுதியது தப்பே இல்லையே. கடைசியில் அவள் வரியை அப்படியே விட்டு, கீழே தனியாக எழுதினார்: 'இது மலைக் கணக்கு. கீழே இருப்பவர்கள் நாலு விசிலோடு திறந்து பார்க்கவும். சு.'

அன்றைக்கே அவளுடைய டம்ளரையும் அளந்தார். நோட்டு முழுக்க 'நம்ம டம்ளர்' என்றுதான் இருக்கும். பிள்ளைகளிடம் அந்த டம்ளர் ஏது? விளிம்பு நெளிந்த எவர்சில்வர் டம்ளர், அடியில் அவள் பெயர் வெட்டியது. இருமல் மருந்து மூடி 10 மில்லி. அதால் தண்ணீர் மொண்டு ஊற்றினார். 17 மூடியில் தளும்பியது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினார். 17தான். 170 மில்லி என்று குறித்துக்கொண்டபோது, சாயங்காலம் கல்லாக் கணக்கு பைசா பிசகாமல் நேரானது போல இருந்தது.

இரண்டு மாதத்தில் 61 குறிப்புகள் ஏறிவிட்டன. சௌசௌ கூட்டு, பீன்ஸ் பருப்பு உசிலி, மரத்தக்காளித் தொக்கு. மீதி இருந்தது ஒரே பக்கம். அதைத்தான் அவர் தள்ளிக்கொண்டே வந்தார்.

மேலே 'பூண்டுக் குழம்பு' என்று தலைப்பு. அடியில் கோடு. அதற்குக் கீழே ஒரே வரி: 'இது அவருக்குத் தெரியும்.'

பேரப்பிள்ளைகள் முதலில் கேட்டதும் இதைத்தான். கோடை லீவுக்கு வந்தால் மூன்று நாளாவது இந்தக் குழம்பு வேண்டும் அவர்களுக்கு.

அவருக்கு என்ன தெரியும்? உரிக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பூம்பாறைக்காரர் கடையில் தாளோடு ஒரு பிடி மலைப்பூண்டு வாங்கி வருவார். அடுப்புக்கு மேலே கட்டியிருக்கிற கம்பியில் கோமதி அதைத் தொங்கவிடுவாள். புகை பட்டுத் தோல் பழுப்பேறும். குழம்பு நாளில் சமையலறை வாசற்படியில், அடுப்புக்கு முதுகு காட்டி அவர் உட்கார்ந்து உரிப்பார். பேப்பர் பார்த்துக்கொண்டே உரித்த நாள்தான் அதிகம். அவள் பின்னால் என்ன செய்தாள் என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

அந்த ஞாயிறு பூண்டு வாங்கி வந்து அதே படியில் உட்கார்ந்தார். 20 பல் உரித்து முடிக்கும்போது காதுக்குள் ஒன்றொன்றாக வந்தது. முதலில் கடுகு பொரியும். அதோடு வெந்தயம், கடுகு மாதிரி படபடக்காது, மெதுவாக ஒரு 'சிட்'. சின்ன வெங்காயம் விழும்போது 'ஸ்ஸ்' என்று நீளமாக. அப்புறம் அவள், "ஏங்க, பூண்டு ஆச்சா?" என்பாள். ஆக, வெங்காயம் வதங்கின பிறகுதான் பூண்டு. தட்டை நீட்டுவார். கொஞ்ச நேரம் கழித்துத் தக்காளி, மிளகாய்த்தூள், அவருக்கு ஒரு தும்மல். புளித்தண்ணீர் ஊற்றியதும் வீடே அடங்கிவிடும். பிறகு தளதளவென்று கொதி. அது கெட்டிப்பட்டு, 'பொத்... பொத்' என்று இடைவெளி விட்டு வெடிக்க ஆரம்பிக்கும்போது அவள் பாட்டை நிறுத்துவாள். சமைக்கும்போது ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பவள், அந்த நேரம் மட்டும் பேசாமல் நின்று கேட்பாள். நல்லெண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்போது அடுப்பு அணையும்.

முதல் தடவை வெந்தயம் கருகிக் கசந்தது. இரண்டாவது தடவை புளி தூக்கல். மூன்றாவது குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தவர், கொஞ்ச நேரம் அடுத்த வாய் எடுக்கவில்லை.

ராத்திரியே எழுதி ஏற்றினார். அளவெல்லாம் கிராமில், மில்லியில் போட்டார். நிமிஷம் மட்டும் போடவில்லை. 'சத்தம் மாறும்போது அணைக்கவும். சு.' என்று முடித்தார்.

மறுநாள் சாயங்காலம் நிலா கூப்பிட்டாள்.

"தாத்தா, சத்தம் மாறும்னா எப்படி மாறும்? இங்க கடைப்பூண்டுதான் கிடைச்சுது. புளி ஊத்தி ரொம்ப நேரமாச்சு."

"போனை வாணலிகிட்ட கொண்டு போ. ஜாக்கிரதை, தெறிக்கும்."

தளதளவென்று கேட்டது. சுந்தரம் எழுந்து டிவியை அணைத்தார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பழக்கத்தில் வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

"அணைக்கட்டுமா தாத்தா?"

"இரும்மா. இன்னும் இல்ல."

நிலா பேசவில்லை. அவரும் பேசவில்லை. கொதி மெல்ல அடங்கியது. ஒரு 'பொத்'. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு 'பொத்'.

"இப்போ" என்றார்.