பட்டம் தவறினால்: சேலத்து இளைஞர் கணக்கு

நங்கவள்ளிப் பக்கம் ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே 14 வயதுக்கு உட்பட்டவர்கள் 400, அறுபதைத் தாண்டியவர்கள் 60, உழைக்கும் வயதினர் 540 என்று இருந்திருக்கும். குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டி, 540ஆல் வகுத்து, நூறால் பெருக்கினால் வரும் சார்பு விகிதம் 85. நூறு பேர் உழைத்து 85 பேரைத் தாங்கிய காலம் அது. இன்று அதே ஆயிரத்தில் குழந்தைகள் 210, முதியவர்கள் 140, உழைக்கும் வயதினர் 650 என்று வைத்தால் விகிதம் 54. சோற்றுக்கும் மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போன காசில் ஒரு பங்கு மிச்சமாகிறது. அந்த மிச்சம் தறியாக, பட்டறையாக, படிப்பாக மாறினால் அதுதான் மக்கள்தொகை ஈவு.

மாறினால் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வயது விகிதம் தானாகக் கூழ் ஊற்றாது. மழை பெய்திருக்கிறது, மண் ஈரமாக இருக்கிறது, அவ்வளவுதான். விதைக்கப் பட்டம் ஒன்று உண்டு. அது கடந்தால் அதே மண், அதே விதை, வேறு விளைச்சல்.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் என்ற அளவு 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே 2.1ஐத் தொட்டுவிட்டது. ஒரு தலைமுறை தன் அளவுக்கே அடுத்த தலைமுறையை விட்டுச்செல்லத் தேவையான அளவு அது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 1.8, நாட்டின் சராசரி 2.0. 2011இல் மாநிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். மத்திய அரசின் வல்லுநர் குழு மதிப்பீட்டின்படி 2036இல் ஐந்தில் ஒருவர் அப்படி இருப்பார். "இந்தியா இளமையான நாடு" என்று டெல்லியில் சொல்வது பீகாருக்குப் பொருந்தும். சேலத்துக்குப் பட்டம் முடியப்போகிறது.

மக்கள்தொகை ஈவின் மறுபக்கம் இளைஞர் பெருக்கம், அதாவது வயது வந்தவர்களில் இளைஞர் பங்கு மிகுந்துவிடும் நிலை. இதை அளக்கும்போது பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. 15–24 வயதினரை மொத்த மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். குழந்தைகள் நிறைந்த நாட்டில் கீழெண் பெருத்து, சிக்கல் சிறியதாகத் தெரியும். ஆயிரத்தில் 400 குழந்தைகள், 200 இளைஞர்கள் என்றால் மொத்தத்தில் 20 சதவீதம். வயது வந்த 600 பேரில் 33 சதவீதம். வேலைக்கும் நிலத்துக்கும் பதவிக்கும் போட்டியிடுவது வயது வந்தவர்களே என்பதால் இரண்டாவது எண்தான் பொருள் உள்ளது. நார்வே ஆய்வாளர் ஹென்ரிக் உர்டால் 2006இல் இந்த முறையில் அளந்துதான், இந்தப் பங்கு 35 சதவீதத்தைத் தாண்டும் நாடுகளில் உள்நாட்டு மோதலுக்கான வாய்ப்பு கூடுகிறது என்று காட்டினார்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் கலவரம் ஆகாது. நமக்கு மிக அருகில் உள்ள பாடம் இலங்கை. 1971 ஏப்ரலில் தெற்கில் ஆயுதம் எடுத்தவர்களில் பெரும்பகுதி படித்த, வேலை கிடைக்காத சிங்களக் கிராமத்து இளைஞர்கள். இலவசக் கல்வி அவர்களின் எதிர்பார்ப்பை உயர்த்தியிருந்தது. பொருளாதாரம் அதற்கு ஏற்ற வேலையைத் தரவில்லை. அதே ஆண்டு டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு சிக்கலின் மையத்தில் வைத்தது இந்தப் பொருத்தமின்மையைத்தான். பசியைவிட, வாக்குக் கொடுத்து ஏமாற்றப்பட்ட உணர்வு கூர்மையானது.

அந்தக் கூர்மை இங்கேயும் இருக்கிறது. இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை 2024இன்படி, 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடம் வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரி இளைஞரிடம் 29.1 சதவீதம். 2024 குரூப் 4 தேர்வில் முதல் அறிவிப்பில் இருந்த 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். எடப்பாடியிலும் ஜலகண்டாபுரத்திலும் பகலில் தேர்வுக்குப் படித்து, மாலையில் வீட்டுத் தறியில் தார் சுற்றித் தரும் இளைஞர், கடந்த வாரத்தை மட்டும் பார்க்கும் அரசுக் கணக்கெடுப்பில் "வேலையில் இருப்பவர்" ஆகிவிடுகிறார். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்தாலே போதும் என்பதுதான் அந்த அளவுகோல். தறியையும் தொடாமல், வேலையும் தேடாமல் படிப்பவரோ வேலைச் சந்தையிலேயே இல்லாதவர். இருவருமே வேலையில்லாதோர் பட்டியலில் வரமாட்டார்கள். அரசு ஆவணத்தில் ஊர் அமைதியாகத் தெரிவது இப்படித்தான்.

சேலத்தில் வேலையே இல்லை என்பது உண்மையல்ல. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் கொலுசுப் பட்டறைகள், இளம்பிள்ளைச் சேலைத் தறிகள், ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகள் எல்லாம் ஆள் கேட்கின்றன. அந்த இடங்களை வடமாநிலத் தொழிலாளர்கள் நிரப்புகிறார்கள். உள்ளூர்ப் பையன் போகாததைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம். முன்பணம் வாங்கிக் கடனில் சிக்கிய அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் அவன். பத்து ஆண்டு வேலை செய்தாலும் சான்றிதழ் இல்லை, பி.எஃப். இல்லை, பெண் கேட்கப் போனால் மரியாதை இல்லை.

பெண் கேட்பது என்பது இந்த மாவட்டத்தில் தனிக் கனம் உள்ள விஷயம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது. 2001 கணக்கெடுப்பில் இங்கே ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அந்தக் குழந்தைகள் இன்று கல்யாண வயதில் நிற்கிறார்கள். நிலையான வேலை இல்லாதவனுக்கு வேலை, கல்யாணம் என்ற இரண்டு கதவும் அடைபடுகிறது. சாதிப் பெருமை பேசி ஆள் சேர்ப்பவர்கள் தேடி வருவது இவனைத்தான். பிறக்கவிடாமல் செய்த பெண்களுக்கான கூலியை ஊர் இப்போது கொடுக்கிறது.

சேர்வராயன் மலையில் கதை சற்று வேறு. நவம்பரில் தொடங்கும் காபிப் பழ அறுவடைக்கு எஸ்டேட்டுகளுக்கு ஆள் வேண்டும். அது சில மாதக் கூலி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் இறங்குகிறார்கள். வளர்த்த செலவு மலைக்கு, உழைப்பின் பலன் வேறு ஊருக்கு.

என்ன செய்யலாம்? முதலாவது, தொழிற்பழகுநர் விதி. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் 2.5 முதல் 15 சதவீதம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேருக்குக் குறைந்த இடம் எடுக்கவே முடியாது. மூன்று பேர் உட்கார்ந்து வேலை செய்யும் கொலுசுப் பட்டறை இதனால் வெளியே நிற்கிறது. இருபது பட்டறைகளை ஒரே குழுமமாகப் பதிவு செய்து, குழுமத்தின் பெயரில் உதவித்தொகையும் சான்றிதழும் கொடுத்தால், இரண்டு தலைமுறையாகக் கைமாறிய தொழில் ஒரு தகுதியாக எழுதப்படும். வார்ப்பு, கம்பி இழுத்தல், பொடி வைத்து ஊதுதல், மெருகு என்று பிரித்துச் சான்று தரலாம்.

இரண்டாவது, பெண்கள். நாட்டில் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017–18இல் 23.3 சதவீதமாக இருந்து 2023–24இல் 41.7 ஆனது. அதில் பெரும்பகுதி சுயதொழிலும் சம்பளமில்லாத குடும்ப வேலையும். சம்பளத்துக்குப் போகக் குழந்தைக் காப்பகம் வேண்டும், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் பஸ் வேண்டும். 2021இல் வந்த கட்டணமில்லாப் பயணம் காசுத் தடையை நீக்கியது. இரவு ஒன்பது மணிக்கு மேல் வண்டியே வராத ஊரில் கட்டணம் பொருட்டல்ல. முதியோர் கூடும் காலத்தில் பெண்ணின் சம்பளம் ஒன்றே சார்பு விகிதத்தை மெய்யாகக் குறைக்கும்.

பிள்ளைகள் குறைந்ததன் விலை அரசியலில் ஏற்கெனவே தெரிகிறது. மக்களவை இடங்களின் மாநிலப் பங்கு 1971 கணக்கெடுப்பில் உறைந்து நிற்கிறது. அந்த உறைவு 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரைதான். பிள்ளைகளைக் குறைத்த மாநிலம் குரலையும் இழக்குமோ என்ற அச்சம் நியாயமானது. ஆனால் இங்கே இருக்கும் இளைஞரை வீணடித்துவிட்டு அந்த வழக்கை வாதாடினால் வலு இருக்காது.

அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தாள் போதும். ஊரிலுள்ள 15 முதல் 29 வயதினர் ஒவ்வொருவரும் படிக்கிறாரா, சம்பளத்தில் இருக்கிறாரா, குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவுகிறாரா, தேர்வுக்குக் காத்திருக்கிறாரா, எதிலும் இல்லையா என்று ஐந்து கட்டம். ஆண், பெண் தனித்தனி. மூன்றாவது, நான்காவது கட்டங்களைச் சேர்த்து எழுதவே கூடாது. ஒருவருக்குத் தேவை சம்பளம், இன்னொருவருக்குத் தேவை மாற்று வழி. ஆயிரம் பேர் ஊரில் இரண்டு பேர் மூன்று நாளில் எடுத்துவிடலாம்.