ரெண்டாவது கியர்

ராத்திரி 11:40. ஜி.எச். வாசலில் நின்ற பெரியவர் "கோவளம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். மடியில் ஒரு துணிப்பை.

செல்வம் மனக்கணக்குப் போட்டான். 38 கிலோமீட்டர். முதல் 1.8-க்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12, பதினோரு மணி தாண்டியதால் பாதி கூட. 690 வரும். திரும்பும்போது காலி வண்டி.

"தொள்ளாயிரம் குடுங்கய்யா."

பெரியவர் தலையாட்டினார். பேரம் பேசாத சவாரி என்றாலே செல்வத்துக்குச் சந்தேகம். குடித்திருப்பார்கள், இல்லையென்றால் கையில் காசு இருக்காது. இவரிடம் வாடை இல்லை.

அடையாறு, திருவான்மியூர், நீலாங்கரை. "டீ குடிக்கலாமா?" என்றான். பதில் இல்லை. கண்ணாடியில் பார்த்தான். பைக்குள்ளிருந்து ஒரு பெண் செருப்பின் வார் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவனும் பேசவில்லை.

கானாத்தூரில் குறுக்கே நாய் வந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டே கிளட்சைப் பிடித்தான். பிடி தொளதொளவென்று ஆடியது. வண்டி கியரிலேயே குலுங்கி அணைந்தது. ஒரு வாரமாகவே பிடி கனத்துத்தான் கிடந்தது. உள்கம்பி இழை இழையாக அறுந்து, கடைசியில் முனைக் குண்டு மட்டும் பிடியில் தங்கிவிட்டது. சீட்டுக்கு அடியில் கியர் கேபிள் இருந்தது, ஆக்சிலேட்டர் கேபிள் இருந்தது. கிளட்ச் கேபிளைப் போன வாரம்தான் ஸ்டாண்டில் ஒருத்தனுக்குக் கொடுத்திருந்தான்.

வண்டியை முன்னும் பின்னும் ஆட்டியபடி கியரைத் திருகி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தான். "கிளட்ச் இல்லாம ஓட்டலாம்யா. ஆனா நின்ன எடத்துலேர்ந்து கியர் போட்டா உதறி ஆஃப் ஆயிடும். ஓடுற வேகத்துல போடணும். தள்ள ஆளு..."

முடிப்பதற்குள் பெரியவர் பையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் பின்னால் போய்விட்டார். எஞ்சின் நியூட்ரலில் ஓட, வண்டி உருண்டது. வேகம் கூடியதும் ஆக்சிலேட்டரைத் தளர்த்தி ரெண்டாவது கியருக்குத் திருகினான். டக்கென்று விழுந்தது.

"ஏறுங்கய்யா, நிறுத்த முடியாது!"

வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, கம்பியைப் பற்றித் தாவி ஏறினார். படகில் ஏறிப் பழகிய கால்.

மூணாவது கியரைச் செல்வம் தொடவில்லை. எதிரே லாரி வந்தபோதும் நிற்காமல் ஓரத்து மண்ணிலேயே ஊர்ந்தான். முட்டுக்காடு பாலம் தாண்டி, கோவளத்தில் பெரியவர் கை காட்டிய வீட்டு முன்னால் எஞ்சினை அணைத்தான்.

பெரியவர் ஒன்பது நூறு ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுத்தார். பிறகு, ஏறியதிலிருந்து முதல் தடவையாக வாய் திறந்தார்.

"திண்ணையில படு தம்பி. விடிஞ்சா பசங்க வருவானுங்க, கேளம்பாக்கம் வரைக்கும் தள்ளச் சொல்றேன். அங்க கேபிள் மாட்டிக்க. நானும் வரணும். அவ ஆதார் அட்டை எடுக்கத்தான் வந்தேன். அது இல்லாம குடுக்க மாட்டாங்களாம்."

செல்வம் தாள்களில் இரண்டை உருவித் திருப்பி நீட்டினான்.

"மீட்டர் 690தான்யா. பத்து ரூபா சில்லறை இல்ல, காலைல கழிச்சுக்கலாம்."