அக்டோபர் 1 முதல் புது மெடிக்கல் இன்சூரன்ஸ்: ஷிஃப்ட் மாறும்போது சொல்ல வேண்டியது

எல்லாருக்கும் வணக்கமுங்க. பத்தே நிமிஷம். போனை உள்ள வெச்சிருங்க, இதைத் திரும்பச் சொல்றதுக்கு ஆள் வரமாட்டாங்க.

ஜூன்ல சம்பளம் ஏறினதுல, உங்க 47 பேருக்கும் மாசச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டிருச்சு. அதனால செப்டம்பர் 30-க்கு மேல இ.எஸ்.ஐ. பிடித்தம் நின்னுரும். பதிலுக்கு அக்டோபர் 1-ல இருந்து கம்பெனியே குரூப் இன்சூரன்ஸ் எடுத்திருக்கு. உங்க கையில இருந்து ஒரு ரூபாய் பிடிக்க மாட்டோம்.

நீங்க, வீட்டுக்காரம்மா இல்ல வீட்டுக்காரர், ரெண்டு குழந்தைங்க. எல்லாருக்கும் சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம். சுகர், பி.பி. ஏற்கெனவே இருந்தாலும் முதல் நாள்ல இருந்தே உண்டு. ஆனா ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் பணம். காய்ச்சலுக்கு ஊசி போட்டுட்டு வந்தா கிடையாது.

இப்பச் சொல்றதை நல்லாக் கேளுங்க. ரூம் வாடகை ஒரு நாளைக்கு 3,000 வரைக்கும்தான். "மேல ஆகுறதை நான் கட்டிக்கறேன்"னு 6,000 ரூபாய் ரூம்ல படுத்தீங்கன்னு வைங்க. நாலு நாளைக்கு ரூம்ல மட்டும் 12,000 நம்ம கைக்காசு. அதோட முடியாதுங்க அண்ணா. டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸ் சார்ஜ் எல்லாம் 80,000 ஆச்சுன்னா, ரூம் வாடகை 3,000-க்கு ரெண்டு மடங்கு ஆனதால அதுலயும் பாதி, 40,000-தான் தருவாங்க. ஆக 52,000 நம்ம தலையில. மருந்துக்கும் டெஸ்ட்டுக்கும் இந்த வெட்டு இல்ல. அட்மிஷன் கவுன்டர்ல பதட்டத்துல நிக்கிறப்ப "டீலக்ஸ் ரூம்தான் காலி"ன்னு சொல்லுவாங்க. கார்டை நீட்டி, "3,000-க்குள்ள ரூம் குடுங்க"ன்னு கேளுங்க. எவ்வளவுங்க? எல்லாரும் சத்தமாச் சொல்லுங்க. 3,000. இதை இன்னிக்கே வீட்டுலயும் சொல்லிருங்க, ஏன்னா படுத்துட்டா பேசப்போறது அவங்கதான்.

முன்னாடியே தேதி குறிச்ச ஆபரேஷன்னா ரெண்டு நாள் முன்னாடி எங்கிட்ட வாங்க. திடீர்னு சேர்த்தா 24 மணி நேரத்துக்குள்ள கார்டுக்குப் பின்னாடி இருக்கற நம்பருக்குக் கூப்பிடணும்.

அப்பா அம்மா இதுல இல்லைங்க. மேனேஜ்மென்ட்கிட்டக் கேட்டுப் பார்த்தேன், இந்த வருஷம் நடக்கல. எனக்கும் மனசு கஷ்டந்தான். அதனால இ.எஸ்.ஐ. கார்டைத் தூக்கிப் போட்டுறாதீங்க. செப்டம்பர் வரைக்கும் கட்டின சந்தாவுக்கு ஜனவரியில இருந்து ஜூன் வரைக்கும் பலன் இருக்கு. அவங்களுக்குத் தனி ரேஷன் கார்டு இருந்து, வருஷ வருமானம் 1,20,000-க்குள்ளன்னா, வி.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று வாங்குங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சேர்த்துரலாம். விண்ணப்பம் எழுத நான் கூட உக்காந்துக்கறேன்.

இப்பக் கார்டு தர்றோம். வாங்கின உடனே குழந்தைங்க பேரும் பிறந்த தேதியும் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு பாருங்க. ஒரு எழுத்து தப்புன்னாலும் இங்கயே சொல்லிருங்க. மூன்றரை வரைக்கும் டைம் ஆபீஸ்ல இருக்கேன்.