பேஸ்மென்ட் குழியில் தேங்கிய தண்ணீர்: கால நீட்டிப்பு குறித்த வழக்கு வினா

சென்னை பள்ளிக்கரணைப் பகுதியில் ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று. ஒப்பந்த மதிப்பு 14 கோடி ரூபாய். வேலை 2023 ஜூலை 1-ல் தொடங்கியது, முடிக்க வேண்டிய நாள் 2024 செப்டம்பர் 30.

2023 நவம்பர் மழையில் 9 நாள் வேலை நின்றது. அப்புறம் மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் பேஸ்மென்ட் குழி நிரம்பி, டிசம்பர் 4 முதல் 25 வரை 22 நாள் வேலை நடக்கவில்லை. தண்ணீர் இறைக்க இரண்டு பம்பு வைப்பதாக காண்ட்ராக்டர் ஒப்புக்கொண்டிருந்தார். சைட் டைரியில் ஓடியதாக இருப்பது ஒன்றுதான். இரண்டும் ஓடியிருந்தால் டிசம்பர் 15-க்குள் குழி வறண்டிருக்கும் என்கிறார் உரிமையாளர்.

உரிமையாளர் பக்கமும் சுத்தமில்லை. ராஃப்ட் கம்பி வரைபடத்தை டிசம்பர் 10-க்குள் தந்திருக்க வேண்டும். ஜனவரி 4 காலையில்தான் வந்தது. அது இல்லாமல் கம்பி கட்ட முடியாது.

டிசம்பர் 6 அன்று சைட் இன்ஜினியர், உரிமையாளரின் இன்ஜினியருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்: “குழி முழுக்கத் தண்ணீர். வேலை நிற்கிறது. எப்போது தொடங்கும் என்று இப்போது சொல்ல முடியாது.” எந்தப் பிரிவையும் குறிப்பிடவில்லை. டிசம்பர் 8 மீட்டிங் மினிட்ஸிலும் இது பதிவாகி, இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முறையான நோட்டீஸ் போனது டிசம்பர் 29-ல்.

கட்டடம் 46 நாள் தாமதமாக, நவம்பர் 15-ல் முடிந்தது. செப்டம்பர் 30-க்குப் பிறகு வேலை தொடர்ந்தபோது உரிமையாளர் எதுவும் எழுதவில்லை. கடைசி பில்லில் மட்டும் ரூ. 27,60,000 பிடித்தார். காண்ட்ராக்டர் 40 நாள் நீட்டிப்பும் (நவம்பரின் 9, டிசம்பர் 4 முதல் ஜனவரி 3 வரை 31) நாளுக்கு ரூ. 35,000 வீதம் சைட் செலவும் கேட்கிறார். தகராறு நடுவர் முன் வந்திருக்கிறது.

ஒப்பந்தப் பிரிவுகள்

12.1 ஃபோர்ஸ் மஜூர் என்பது தரப்புகளின் கட்டுப்பாட்டை மீறிய, நியாயமான முயற்சியால் தவிர்க்க முடியாத புயல், வெள்ளம் போன்ற நிகழ்வு. அந்தப் பருவத்தில் வழக்கமாகப் பெய்யும் மழை சேராது.
12.2 நிகழ்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் நீட்டிப்பு கோர முடியாது.
12.3 இதற்குக் கால நீட்டிப்பு உண்டு, பணம் இல்லை.
13.1 உரிமையாளரால் வரும் தாமதத்துக்கு நீட்டிப்பும் கூடுதல் செலவும் உண்டு.
14.1 தாமத இழப்பீடு நாளுக்கு ரூ. 60,000, உச்சவரம்பு ஒப்பந்த மதிப்பில் 5%.

வினாக்கள்

1. நவம்பரின் 9 நாளுக்கு நீட்டிப்பு உண்டா?
2. டிசம்பர் 6 மின்னஞ்சல் 12.2-க்குப் போதுமா?
3. டிசம்பர் 4 முதல் ஜனவரி 3 வரையிலான நாட்களைப் பிரித்து, எத்தனை நாள் நீட்டிப்பு, எத்தனை நாளுக்குச் செலவு என்று காட்டுக.
4. உரிமையாளர் பிடித்த தொகை நிற்குமா?
5. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 56-ஐ காண்ட்ராக்டர் துணைக்கழைக்க முடியுமா?

விடை திருத்துவோருக்கு

முதல் வினாவில் நேரம் செலவழிக்க வேண்டாம். நவம்பரில் சென்னையில் மழை பெய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது வழக்கத்தை மீறிய மழை என்று வானிலைப் பதிவு காட்டினால்தான் விவாதமே. ஐந்தாவதற்கு 2017-ன் எனர்ஜி வாட்ச்டாக் தீர்ப்பு போதும்: ஒப்பந்தத்திலேயே ஃபோர்ஸ் மஜூர் பிரிவு இருந்தால் பிரிவு 32 வழியாகப் போக வேண்டும், 56-க்கு இடமில்லை.

இரண்டாவதில் மின்னஞ்சல் போதும் என்பதே என் கருத்து. 12.2 எழுத்தைத்தான் கேட்கிறது, பிரிவு எண்ணை அல்ல. மாற்றுக் கருத்தைக் காரணத்தோடு எழுதினாலும் மதிப்பெண் தருக. 12.2-ஐ பிரிவு 28(ஆ)-வோடு உரசிப் பார்ப்பவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

வினாவின் உயிர் மூன்றாவதில் இருக்கிறது. டிசம்பர் 4–10, 7 நாள் புயல் மட்டும்: நீட்டிப்பு உண்டு, பணம் இல்லை. 11–15, 5 நாள் புயலும் வரைபடமும் சேர்ந்தது: நீட்டிப்பு நிச்சயம்; செலவைத் தருவது கடினம், வரைபடம் வந்திருந்தாலும் குழிக்குள் இறங்க முடியாதே. 16–25, 10 நாள்தான் சிக்கல். பம்பு வாதம் உண்மையானால் காண்ட்ராக்டரின் தவறும் உரிமையாளரின் தவறும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அப்போது நீட்டிப்பு தந்து, செலவை மறுப்பதே நியாயம்; தன் தவறு இருக்கும் நாளுக்கு உரிமையாளர் இழப்பீடு பிடிக்கக் கூடாது. 26 முதல் ஜனவரி 3 வரை 9 நாள் வரைபடம் மட்டும்: நீட்டிப்பும் ரூ. 3,15,000-மும் உண்டு.

நான்காவதில், 31 நாள் கழிந்தால் மிச்சம் 15, அதாவது ரூ. 9,00,000. அதுவும் உறுதியில்லை. காலம் கடந்த வேலையை ஏற்கும்போதே இழப்பீடு கேட்கப் போவதாகச் சொல்ல வேண்டும் என்கிறது பிரிவு 55. உரிமையாளர் பில் வரை வாய் திறக்கவில்லை. பிரிவு 74-ன்படி இழப்பு ஏற்பட்டதா என்ற கேள்வியும் நிற்கிறது. காண்ட்ராக்டரின் கணக்கையே முழுதாக ஏற்றாலும் 46-ல் 6 நாளுக்கு அவரிடம் காரணம் இல்லை என்பதைக் கவனித்து எழுதுபவருக்கு முழு மதிப்பெண் தயங்காமல் தருக.