மூன்றாம் இயலை ஒப்படைக்க நவம்பர் 7 வரை அவகாசம் வேண்டுதல்

தஞ்சாவூர்
11-10-2025

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். புதன்கிழமை விடியற்காலை அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. தஞ்சாவூரில் அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். அன்றிலிருந்து நான் இங்கேதான் இருக்கிறேன். வருகிற 17ஆம் தேதி உங்களிடம் தரவேண்டிய மூன்றாம் இயலை நவம்பர் 7, வெள்ளிக்கிழமை தர அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை நீங்கள் அழைத்தபோது வார்டுக்குள் இருந்தேன். திரும்ப அழைக்கவும் முடியாமல் போய்விட்டது, மன்னியுங்கள்.

இரவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், நாலு மணிக்கு எழுந்தபோது வலது கையைத் தூக்க முடியவில்லை. வாயும் கோணியிருந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டுமாம். தூக்கத்தில் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாததால் போட முடியவில்லை. இப்போது உயிருக்கு ஆபத்து இல்லை என்கிறார்கள். நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது. பதிலுக்கு 'தண்ணி' என்ற ஒரு சொல் மட்டும்தான் தெளிவாக வருகிறது. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன்பிறகு தினமும் இரண்டு வேளை பிசியோதெரபி செய்யவேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவரைத் தூக்கி உட்காரவைக்க அவரால் ஆகாது. தம்பிக்கு சிங்கப்பூரில் 24ஆம் தேதிதான் விடுப்புத் தொடங்குகிறது. 25ஆம் தேதி வந்துவிடுவான், மூன்று வாரம் இருப்பான். வயலில் நாற்றுப் பறிக்கிற நேரம் வேறு. அதை மாமா பார்த்துக்கொள்கிறார்.

இயலின் நிலை இதுதான். உத்திரமேரூர்ப் பகுதி முடிந்துவிட்டது. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டையும் ஒப்பிட்டு, ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் எப்படித் தேர்வானது, என்ன செய்தது என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் பென்சிலில் குறித்த திருத்தங்களையும் சேர்த்தாகிவிட்டது. ஏரிப்பட்டி நிலங்கள் பற்றிய பகுதிதான் பாக்கி. 38 கல்வெட்டுகளுக்கு அட்டவணை போட்டதில் 23ஐத்தான் மூலத்தோடு சரிபார்த்திருக்கிறேன். மீதி 15க்கும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைப் பிரித்துவைத்து வரி வரியாகப் பார்க்கவேண்டும். அவற்றைத் துறை நூலகத்திலிருந்து வெளியே தரமாட்டார்கள். என் குறிப்பேட்டை நம்பி இங்கிருந்தே எழுதிவிடலாம் என்று நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நில அளவை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகக் குறித்துவைத்திருக்கிறேன். அப்படியே உங்கள் கையில் தர மனம் வரவில்லை.

தம்பி வந்ததும் 27ஆம் தேதி திங்கட்கிழமை துறைக்கு வந்துவிடுவேன். அந்த வாரம் முழுக்க நூலகத்தில் சரிபார்ப்பு, அடுத்த வாரம் எழுத்து. அதனால்தான் 7ஆம் தேதி என்கிறேன். ஆய்வுக்குழுக் கூட்டம் நவம்பர் 21 என்று சொல்லியிருந்தீர்கள். நீங்கள் படித்துத் திருத்தம் சொல்ல அப்போதும் இரண்டு வாரம் இருக்கும். இதற்கு மேல் தள்ளினால் உங்களுக்குத்தான் நெருக்கடி என்பது தெரியும்.

உத்திரமேரூர்ப் பகுதி 34 பக்கம் வருகிறது. அதை மட்டும் முன்பு சொன்ன 17ஆம் தேதியே மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன். நேரம் கிடைத்தால் அதைப் பாருங்கள். முழு இயலாக வந்தபிறகு சேர்த்தே படிக்கிறேன் என்றாலும் சரிதான்.

23ஆம் தேதி துறைக் கருத்தரங்கில் நான் பேசவேண்டியிருந்தது. எனக்கு அடுத்து நவம்பர் 13இல் பேசவிருந்த தோழி, இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள். நீங்கள் சரி என்றால் அவளே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுவாள்.

இரண்டாம் இயலையும் பத்து நாள் தாமதமாகத்தான் தந்தேன். அதை நினைத்தால் இப்படிக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அப்போது தப்பு என்னுடையது. இந்த முறை, அப்பாவின் உடல்நிலை மாறி 7ஆம் தேதியும் முடியாது என்று தோன்றினால், 6ஆம் தேதி மாலை வரை உங்களைக் காக்கவைக்க மாட்டேன். நவம்பர் 1ஆம் தேதிக்குள் சொல்லிவிடுவேன்.

மருத்துவமனைச் சீட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, அலுவலகத்துக்குத் தேவைப்படலாம் என்றுதான். வார்டுக்குள் போனை எடுக்கமுடியாது. மதியம் ஒரு மணிக்கு மேல் அம்மா வந்து என்னை மாற்றிவிடுவார், இரண்டு மணி வரை வெளியே இருப்பேன். அந்த நேரத்தில் அழைத்தால் பேசலாம். இல்லையென்றால் 'சரி' என்று ஒரு வரி அனுப்பினாலும் போதும் அம்மா.

தங்கள் உண்மையுள்ள,
ரேவதி
முனைவர் பட்ட ஆய்வாளர், மூன்றாம் ஆண்டு