அட்மின் கணக்குகளுக்கான உள்நுழைவுக் கொள்கை: பெயரிட்ட அலுவலக முகவரிகளுக்கு மட்டும் அனுமதி

நடைமுறைக்கு வரும் நாள்: 2026 மார்ச் 2, திங்கள்
பொருந்துவது: நமது மைக்ரோசாஃப்ட் 365 அமைப்பில் நிர்வாக அதிகாரம் உள்ள 7 கணக்குகள்
வெளியிடுவது: தகவல் தொழில்நுட்பப் பிரிவு மேலாளர்

என்ன மாறுகிறது

மார்ச் 2 முதல், அட்மின் கணக்கில் நுழைய வேண்டுமானால் கீழே சொல்லியிருக்கும் மூன்று இடங்களில் ஒன்றின் ஐபி முகவரியிலிருந்துதான் முடியும். வேறு எங்கிருந்து வந்தாலும் கதவு திறக்காது. கடவுச்சொல் சரியாக இருந்தாலும், பாதுகாப்புச் சாவி கையில் இருந்தாலும், கேட்பவர் இந்தக் கொள்கையை எழுதிய நானே ஆனாலும் இதே விதிதான்.

அன்றாட வேலைக்கு நீங்கள் வைத்திருக்கும் சாதாரணக் கணக்கை இது தொடாது. மின்னஞ்சல், டீம்ஸ், கோப்புகள் எல்லாம் வீட்டிலிருந்தும் பயணத்திலிருந்தும் முன்போலவே இயங்கும். `adm-` என்று தொடங்கும் கணக்குகளுக்கு மட்டுமே இந்தக் கட்டுப்பாடு.

நம்பும் இடங்கள்

தலைமை அலுவலகம், கிளை அலுவலகம், அட்மின் விபிஎன் வெளிவாசல் ஆகிய மூன்றும் Named locations பக்கத்தில் பதிவாகியிருக்கின்றன. தலைமை அலுவலகத்தின் பதிவு இது:

```json
{
  "@odata.type": "#microsoft.graph.ipNamedLocation",
  "displayName": "LOC-HQ",
  "isTrusted": true,
  "ipRanges": [
    { "@odata.type": "#microsoft.graph.iPv4CidrRange",
      "cidrAddress": "203.0.113.16/29" },
    { "@odata.type": "#microsoft.graph.iPv4CidrRange",
      "cidrAddress": "198.51.100.40/32" },
    { "@odata.type": "#microsoft.graph.iPv6CidrRange",
      "cidrAddress": "2001:db8:40::/48" }
  ]
}
```

முதல் வரம்பு முதன்மை இணைப்பு, 16 முதல் 23 வரை 8 முகவரிகள். இரண்டாவது, மாற்று இணைப்பின் ஒற்றை முகவரி. இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்கு அனுபவப் பாடம். போன ஆண்டு சோதனைக்காக இதேபோன்ற கொள்கையைப் போட்டிருந்தபோது முதன்மை இணைப்பு அறுந்தது. மாற்று இணைப்பு சமத்தாக வேலையை எடுத்துக்கொண்டது. ஆனால் அதன் முகவரி பட்டியலில் இல்லை. அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருந்த எல்லா அட்மின்களும் ஒரே நேரத்தில் வெளியாட்களாகிவிட்டோம்! மூன்றாவது ஐபிவி6. உலாவிக்கு ஐபிவி6 கிடைத்தால் அதன் வழியாகவே உள்நுழைவு போகலாம். ஐபிவி4 மட்டும் பட்டியலில் இருந்தால், காரணம் புரியாமல் ஒரு சமயம் அனுமதி, ஒரு சமயம் மறுப்பு என்று விளையாட்டு காட்டும்.

`LOC-BRANCH` என்ற கிளை அலுவலகப் பதிவில் `198.51.100.128/28` மட்டும் உள்ளது. அங்கே ஐபிவி6 இன்னும் வரவில்லை. `LOC-ADMVPN` பதிவில் `192.0.2.10/32` என்ற ஒரே முகவரி.

10., 192.168. என்று தொடங்கும் உள் முகவரிகளைச் சேர்க்கச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அதனால் பயனில்லை. நமது வலையை விட்டு வெளியேறும் பொது முகவரியைத்தான் மைக்ரோசாஃப்ட் சேவை பார்க்கிறது.

நம்பாத இடங்கள், ஏன்

புதிதாகத் திறந்த மூன்றாவது அலுவலகம் பட்டியலில் இல்லை. அங்கே கட்டடத்துக்கே பொதுவான இணையம். மற்ற நிறுவனங்களும் அதே பொது முகவரியில்தான் வெளியேறுகின்றன. அதை நம்பினால் மேல்மாடிக்காரர்களையும் சேர்த்து நம்பியதாகிவிடும். சொந்த இணைப்பு வரும்வரை அங்கிருப்பவர்கள் விபிஎன் வழியாக வரவேண்டும்.

தலைமை அலுவலகத்தின் விருந்தினர் வைஃபையும் அப்படித்தான். முன்பு அது நமது வரம்புக்குள்ளேயே வெளியேறிக்கொண்டிருந்தது. வரவேற்பறையில் காத்திருப்பவருக்கும் சர்வர் அறையில் இருப்பவருக்கும் இந்தக் கொள்கை வேறுபாடு பார்த்திருக்காது. இப்போது அதை `203.0.113.30` முகவரிக்கு மாற்றியாயிற்று.

வீட்டு முகவரி எதுவும் சேர்க்கப்படாது. இன்று உங்களுக்கு வந்த முகவரி அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் யாருக்கோ போயிருக்கலாம். மொபைல் இணையம் இன்னும் மோசம். ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமானோர் இருப்பார்கள். ‘ஒரு நாளைக்கு மட்டும்’ என்று கேட்காதீர்கள். ஒரு நாளைக்குச் சேர்த்ததை மறுநாள் நீக்க யாருக்கும் நினைவிருப்பதில்லை.

கொள்கைகள்

`CA-ADM-01` என்பதுதான் தடுப்பு. நிர்வாகப் பொறுப்புகள், `grp-admin-accounts` குழு இரண்டுமே இதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பொறுப்புகளை மட்டும் சேர்த்தால் போதாதா என்றால், போதாது. உள்ளமைந்த பொறுப்புகளைத்தான் கண்டிஷனல் ஆக்சஸ் கணக்கில் எடுக்கும். நாமே உருவாக்கிய தனிப்பயன் பொறுப்பும், ஒரு நிர்வாக அலகுக்குள் மட்டும் கொடுத்த பொறுப்பும் நழுவிவிடும். நம்மிடம் அப்படி இரண்டு கணக்குகள் உண்டு. குழு அவற்றைப் பிடிக்கும்.

செயலிகள் பகுதியில் எல்லாமே தேர்வாகியிருக்கின்றன. நிர்வாக இணையப் பக்கங்களை மட்டும் பூட்டிவிட்டு பவர்ஷெல் வழியைத் திறந்து வைப்பது, வாசலைப் பூட்டிவிட்டு கொல்லைப்புறத்தை மறப்பது போல. இடங்கள் பகுதியில் Any location சேர்க்கப்பட்டு, மேலே சொன்ன மூன்று பதிவுகள் மட்டும் பெயர் சொல்லி விலக்கப்பட்டுள்ளன. All trusted locations என்ற சுலபமான தேர்வு இருக்கிறதே என்று கேட்கலாம். வேண்டுமென்றே தவிர்த்தேன். நாளை யாராவது வேறு தேவைக்காக ஓர் இடத்தை நம்பகமானது என்று குறித்தால், அது தானாகவே அட்மின்களுக்கும் வாசலாகிவிடும். முடிவு: Block access. ஒரு கொள்கை தடுத்துவிட்டால் மற்றொரு கொள்கை அனுமதித்தாலும் உள்ளே போக முடியாது.

`CA-ADM-02` அலுவலகத்துக்குள்ளும் பொருந்தும். ஃபிஷிங்குக்கு அசையாத பலபடி உறுதிப்பாடு, நமக்கு அது எஃப்ஐடிஓ2 சாவி, ஒவ்வொரு முறையும் கட்டாயம். 4 மணிநேரத்துக்கு ஒருமுறை மறுபடி உள்நுழைய வேண்டும். அலுவலக முகவரி என்றால் இரண்டாம் படியைத் தவிர்க்கலாமே என்ற யோசனை கூட்டத்தில் வந்தது, ஏற்கவில்லை. முகவரி, கோரிக்கை எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறதே தவிர யாரிடமிருந்து என்று சொல்வதில்லை. அலுவலகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தால் அதுவும் நமது முகவரியோடுதான் வரும்.

அலுவலகத்தில் நுழைந்துவிட்டு அதே மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துப்போனால்? எக்சேஞ்ச், ஷேர்பாயின்ட் போன்ற சேவைகள் முகவரி மாறியதைத் தொடர்ச்சியாகக் கவனித்து உடனுக்குடன் மறுத்துவிடும். அந்த வசதி இல்லாத செயலிகளில் கையிலிருக்கும் டோக்கன் காலாவதியாகும்வரை, ஏறத்தாழ ஒரு மணிநேரம், திறந்திருக்கக்கூடும். ஆகவே கிளம்பும் முன் வெளியேறிவிடுங்கள்.

வெளியிலிருந்து வேலை வந்தால்

அட்மின் விபிஎன் ஒன்றுதான் வழி. வழக்கமான விபிஎன்னில் உள் சர்வர்களுக்கான போக்குவரத்து மட்டுமே சுரங்கத்துக்குள் போகும். உள்நுழைவு உங்கள் வீட்டு இணையம் வழியாகவே போகும், தடுக்கப்படும். `vpn-admin` என்ற தனி அமைப்பில் எல்லாப் போக்குவரத்தும் `192.0.2.10` வழியாக வெளியேறும். அது நிறுவனம் கொடுத்த மடிக்கணினியில் மட்டுமே இணையும். அதுவும் முடியாத இடத்தில் இருந்தால், அலுவலகத்தில் இருக்கும் மற்றோர் அட்மினைத் தொலைபேசியில் கூப்பிட்டு வேலையைச் சொல்லுங்கள். கணக்கையோ கடவுச்சொல்லையோ கொடுக்காதீர்கள்.

53003 வந்தால்

தடுக்கப்பட்டவருக்குத் திரையில் `AADSTS53003` என்ற எண் தெரியும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் படி உறுதிப்பாடு முடிந்த பிறகுதான் கண்டிஷனல் ஆக்சஸ் வேலை செய்யத் தொடங்கும். அப்படியானால், உங்கள் கணக்கில் அறியாத முகவரியிலிருந்து இந்த எண் பதிவானால், யாரோ உங்கள் கடவுச்சொல்லைச் சரியாக அடித்திருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். ‘தடுத்துவிட்டதே, அப்புறம் என்ன’ என்று இருந்துவிடக் கூடாது. கடவுச்சொல்லை உடனே மாற்றி, திறந்திருக்கும் அமர்வுகளை ரத்து செய்து, எனக்கோ பாதுகாப்புப் பொறுப்பாளருக்கோ அரை மணிநேரத்துக்குள் சொல்லுங்கள். நீங்களே வீட்டிலிருந்து மறந்துபோய் முயன்றிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்; யாரும் கோபிக்கமாட்டார்கள், பதிவில் தேடும் நேரம் மிச்சம்.

அவசரக் கணக்குகள்

இரண்டு கணக்குகள் இந்தத் தடுப்பிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. இரண்டும் `onmicrosoft.com` முகவரியில் உள்ளவை, நமது உள் டைரக்டரியோடு ஒத்திசையாதவை, யாருடைய பெயரிலும் இல்லாதவை. அவற்றின் எஃப்ஐடிஓ2 சாவிகள் முத்திரையிட்ட உறைகளில் உள்ளன. ஒன்று தலைமை அலுவலகப் பெட்டகத்தில், மற்றது கிளை அலுவலகப் பெட்டகத்தில். மூன்று இடங்களும் ஒருசேர இயங்காமல் போனாலோ, நாமே தவறான கொள்கையால் நம்மைப் பூட்டிக்கொண்டாலோ மட்டும் உறையைத் திறக்கலாம். திறக்க இரண்டு பேர் வேண்டும். இந்தக் கணக்குகளில் உள்நுழைந்தால் 7 பேருக்கும் எச்சரிக்கை போகும். 90 நாளுக்கு ஒருமுறை சோதித்துப் பார்ப்போம். முதல் சோதனை மார்ச் 2 காலையிலேயே.

முகவரி மாறும்போது

இணைய இணைப்பு மாறப்போகிறது என்றால், புதிய வரம்பு 5 வேலை நாள்களுக்கு முன்பே பட்டியலில் ஏற வேண்டும். புதிய இணைப்பு ஒரு வாரம் சரியாக ஓடிய பிறகே பழையது நீங்கும். ஆனால் கட்டாயம் நீங்க வேண்டும்; நாம் கைவிட்ட முகவரியை இணையச் சேவையாளர் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். ஒருவர் மாற்ற, இன்னொருவர் What If கருவியில் சரிபார்க்க வேண்டும். நம்பகமானது என்று குறித்த இடத்தை, அந்தக் குறியை எடுக்காமல் நீக்க முடியாது. அது எரிச்சலாக இருந்தாலும் நல்லதுதான்.

சோதனை மாதத்தில் தெரிந்தது

பிப்ரவரி 2 முதல் `CA-ADM-01` Report-only நிலையில் ஓடுகிறது. இரவுநேர அறிக்கை ஸ்கிரிப்ட் ஒன்று, மேகத்தில் உள்ள ஒரு சர்வரிலிருந்து ஓர் அட்மின் கணக்கில் நுழைந்துகொண்டிருந்தது தெரிந்தது. அந்தச் சர்வரின் முகவரியைப் பட்டியலில் சேர்ப்பது சுலபம். அப்படிச் செய்யவில்லை, ஸ்கிரிப்டுக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள தனிச் செயலி அடையாளம் கொடுத்தாயிற்று. அத்தகைய அடையாளங்களை, பயனர்களுக்கான இந்தக் கொள்கை கட்டுப்படுத்தாது என்பதால் அவற்றின் பட்டியலை மாதம் ஒருமுறை தனியாகப் பார்ப்போம்.

மார்ச் 2 காலை 10 மணிக்குக் கொள்கை On நிலைக்கு மாறும். அந்த நேரத்தில் தலைமை அலுவலகத்தில் இருவர், கிளையில் ஒருவர், விபிஎன்னில் ஒருவர் என நால்வர் தயாராக இருக்க வேண்டும். விபிஎன் அமைப்பு இன்னும் மடிக்கணினியில் இல்லாதவர்கள் பிப்ரவரி 25-க்குள் உதவி மேசையில் கொண்டுவந்து கொடுங்கள்.