முதல் மதிப்பெண் வாங்காத பிள்ளைக்கும் சேர்த்து

மேடையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும், தாராவியிலிருந்தும் கல்யாண், நவி மும்பையிலிருந்தும் வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். பத்தாவது முடித்து மேலே படிக்கும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நம் முன்னாள் மாணவர் சங்கம் கொடுக்கப்போகும் உதவித்தொகைக்கு உங்களிடம் பணம் கேட்கத்தான் நிற்கிறேன். நம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படிக்கப் பெரிய செலவு இல்லை. புத்தகம், சீருடை, பை எல்லாம் மாநகராட்சி கொடுத்துவிடுகிறது. சிக்கல் ரிசல்ட் வந்த மறுநாள் ஆரம்பிக்கிறது. ஜூனியர் காலேஜ் கட்டணம், புத்தகம், டியூஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். அதோடு, பத்து வருஷம் தமிழில் படித்த பிள்ளை ஒரே மாதத்தில் ஆங்கில வழிக்கு மாறியாக வேண்டும்.

போன வாரம் நம் பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா இட்லி வியாபாரம். விடியற்காலையிலேயே பாத்திரத்தோடு கிளம்பிவிடுவார். அவள் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைக் காட்டினாள். பக்கத்துக்குப் பக்கம், வரிக்கு மேலே பென்சிலால் பொடிப்பொடியாகத் தமிழில் அர்த்தம் எழுதியிருக்கிறாள். பத்தாவதில் அறுபத்தெட்டு சதவீதம். டியூஷனுக்குப் பணம் இல்லாததால் இந்த வருஷத்தோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

தொண்ணூறு வாங்கும் பிள்ளைக்கு யாராவது உதவ வந்துவிடுவார்கள். நல்ல விஷயம், வரட்டும். அறுபது, எழுபது வாங்கும் பிள்ளையை யாரும் தேடி வருவதில்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் அந்த மதிப்பெண்காரர்கள்தானே! அதனால் இந்த உதவித்தொகைக்கு ரேங்க் பார்க்கக் கூடாது, தேர்ச்சி பெற்றால் போதும் என்று சங்கத்தில் பிடிவாதமாகக் கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். வீட்டு நிலவரம் தெரிந்த வகுப்பாசிரியர்களே பெயர்களைச் சொல்வார்கள்.

கணக்கு இதுதான். வருஷத்துக்குப் பத்துப் பிள்ளைகள். ஆளுக்கு 30,000 ரூபாய் வீதம், பன்னிரண்டாவது முடியும் வரை இரண்டு வருஷம். முதல் வருஷம் 3 லட்சம் வேண்டும், அடுத்த வருஷத்திலிருந்து 6 லட்சம். இருநூறு பேர் மாதம் 250 ரூபாய் கொடுத்தால் அந்த 6 லட்சம் வந்துவிடும். முதல் வருஷம் மிஞ்சுவது அடுத்த பேட்ச்சுக்கு. மொத்தமாகத் தர முடிந்தவர்கள் தாருங்கள். ஆனால் எனக்கு முக்கியம் அந்த மாத 250 ரூபாய்தான். பாதியில் நின்றுபோகும் உதவியை நம்பிப் பிள்ளையைக் காலேஜில் சேர்க்க முடியாது.

பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். தலைவர், பொருளாளர் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே எடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவு உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும். உதவி பெறும் பிள்ளைகளின் பெயரும் போட்டோவும் மட்டும் வராது. அவர்களை மேடையேற்றிக் காட்டவும் மாட்டோம்.

வாசல் பக்கம் மேஜையில் படிவம் இருக்கிறது. சாப்பிடப் போகும் முன் நிரப்பிக் கொடுங்கள். அட்மிஷன் தொடங்கும் முன் முதல் தவணை கையில் இருக்க வேண்டும். வராத உங்கள் பேட்ச் நண்பர்களுக்காக இன்னும் இரண்டு படிவம் எடுத்துப் போங்கள்.